கரண்ட் போனா எங்க வீட்டுக் கதவு தானா திறக்கும்

மே மாசம் ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல உக்காந்திருக்கேன், எதிர்வீட்டு அக்காகிட்டேருந்து போன். கட் பண்ணேன். திரும்ப அடிச்சாங்க. ரெண்டு தடவ அடிக்கிற ஆள் இல்ல அவங்க, சரினு வெளிய வந்து எடுத்தா, "ஏம்மா, நீ வீட்லயா இருக்க? கதவு பப்பரப்பானு தெறந்து கெடக்கு, கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல"ங்கிறாங்க. எனக்கு கை காலெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. அம்மா திண்டுக்கல் போய் நாலு நாள் ஆச்சு. காலைல எட்டரைக்கு நான்தான் கதவ இழுத்துச் சாத்தி, கதவுல போட்டிருக்கற ஸ்மார்ட் லாக்ல பச்ச லைட்டு செவப்பா மாறுறத பாத்துட்டு கெளம்புனேன். அத பாக்காம நான் லிஃப்ட்ல ஏறவே மாட்டேன், அவ்ளோ பயந்த சுபாவம்.

அக்காவ வாசல்லயே ஒரு சேர் போட்டு உக்காரச் சொல்லிட்டு ஆட்டோ புடிச்சு மடிப்பாக்கம் வந்து சேர பன்னெண்டே முக்கால் ஆச்சு. ஒண்ணும் போகல. ரெண்டாவது மாடிப் பூனை சோபால படுத்திருந்துச்சு, அவ்ளோதான். ஆனா காலைலேருந்து அந்த நேரம் வரைக்கும் மூணாவது மாடில ஒரு வீடு ஊருக்கே தெறந்து கெடந்திருக்கு. அன்னைக்கு எங்க ஏரியால ஈபி மெயின்டனன்ஸ், காலைல 9 மணிலேருந்து மதியம் 2 மணி வரைக்கும் ஷட்டவுன். முந்தின நாளே அபார்ட்மென்ட் குரூப்ல போட்டிருந்தாங்க. நானும் பாத்தேன், தம்ஸப் கூட போட்டேன். அதுக்கும் வீட்டுக் கதவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும்னு யாருக்குத் தோணும்?

லாக் போட்டவருக்கு அங்க நின்னே போன் போட்டேன். கத்தத்தான் போட்டேன். அவர் ரொம்ப கூலா, "மேடம், கரண்ட் போனா திறக்கும், அது ஃபெயில் சேஃப், அதான் அதோட ஃபீச்சர்"னாரு. ஃபீச்சராம். அன்னைக்கு நைட்டே ஒக்காந்து அவருக்கு ஒரு லெட்டர் எழுதுனேன், மூணு பக்கம், அதுல பாதி திட்டு, மீதி எங்கம்மாவோட பிபி. அனுப்பல. தம்பி படிச்சிட்டு, "அக்கா, இதுல லாக்கு ஃபெயில் ஆயிடுச்சுன்னு பதினோரு தடவ எழுதிருக்க, ஆனா லாக்கு ஃபெயிலே ஆகல, அவரு சொன்னது கரெக்டு"ன்னான். அவன் ட்ரிபிள் ஈ படிச்சவன், அந்தத் திமிரு கொஞ்சம் உண்டு.

ஆனா அவன் சொன்னதுதான் சரி. இது புரியாம அந்த லெட்டர் போயிருந்தா அவர் ஒரே வரில முடிச்சிருப்பாரு.

எங்க வீட்ல போட்டிருந்தது காந்தப் பூட்டு. ஈஎம் லாக்குனு சொல்லுவாங்க, எலக்ட்ரோ மேக்னடிக். நெலைக்கு மேல ஒரு நீளமான அலுமினியக் கட்ட, அதுக்குள்ள காயில். கதவுல ஒரு தடியான இரும்பு பிளேட்டு. காயில்ல கரண்ட் ஓடுற வரைக்கும் அது பிளேட்ட புடிச்சுக்கும், எங்களுது இருநூத்தி எண்பது கிலோ இழுவை தாங்குற மாடல், ரெண்டு பேரு தோள வெச்சு முட்டுனாலும் அசையாது. கரண்ட் நின்னா அது வெறும் இரும்பு. நாக்கு கெடையாது, கொண்டி கெடையாது, ஸ்பிரிங் கெடையாது. ஆபீஸ் கண்ணாடிக் கதவு, ஹாஸ்பிட்டல் காரிடார் மாதிரி எடத்துக்குன்னே வந்த சாமான் இது. அங்க தீப்புடிச்சா, கரண்ட் போனா, உள்ள மாட்டுனவங்க வெளிய ஓடணும், அதனால கரண்ட் இல்லன்னா திறந்துக்கணும். அதான் ஃபெயில் சேஃப். சேஃப்ங்கிறது உள்ள இருக்கற மனுஷனுக்கு, உள்ள இருக்கற பீரோவுக்கு இல்ல.

வீட்டு வாசக்கதவுக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர். கரண்ட் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கணும், உள்ள இருக்கறவங்க கைப்பிடிய அமுக்குனா கரண்டே இல்லாம திறக்கணும். இதுக்குப் பேரு ஃபெயில் செக்யூர். நம்ம சாதா சாவிப் பூட்டு நூறு வருஷமா இதத்தான் பண்ணிட்டு இருக்கு. எங்க கதவுல இருந்த பழைய சாவிப் பூட்ட அவர் கழட்டல, ஆனா "அதப் பூட்டிடாதீங்க மேடம், அப்புறம் ஆப்ல திறக்காது"ன்னு சொல்லிட்டுப் போனாரு, நாங்களும் சொல்பேச்சு கேட்டு ஏழு மாசம் அத தொடவே இல்ல.

நான் இத வாங்குன காரணம் சாதாரணம். வீட்டு வேல செய்யுற அக்கா மதியம் வருவாங்க, அம்மா ஊர்ல இருந்தா சாவி யார்கிட்ட குடுக்குறதுங்கிற பஞ்சாயத்து. சிசிடிவி கேமரா போட வந்தவரே "ஸ்மார்ட் லாக்கும் போட்டுறலாம் மேடம், விரல் வெச்சா திறக்கும், போன்லயும் திறக்கலாம்"னாரு. போட்டாச்சு. மொத்தம் 21,500 ரூபா. இப்ப யோசிச்சா, கேமரா போடறவர் கையில இருக்கறது ஆபீஸ் சாமான்தான், அவர் அதத்தான் விப்பாரு, நம்மதான் கேட்டிருக்கணும்.

சரி, காந்தப் பூட்டுனா பேக்கப்பு வேணும்னு அவருக்கும் தெரியும், ஏன்னா வாட்ஸப்ல அனுப்புன கொட்டேஷன்ல நாலாவது வரில "பவர் சப்ளை வித் பேட்டரி பேக்கப் - 3,200"னு இருக்கு. இந்த ஒரு வரிதான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு. பேக்கப்புக்கு காசு வாங்கிருக்காரு. அப்ப பேக்கப்பு எங்க?

சனிக்கிழம தம்பி மல்டிமீட்டர எடுத்துட்டு வந்தான். கதவுக்கு உள்பக்கம் மேல ஒரு வெள்ள பிளாஸ்டிக் பெட்டி, நாலு ஸ்க்ரூ. கழட்டுனதும் ஒரு பல்லி என் தோள்ல விழுந்துச்சு, அந்த சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா திரும்ப ஓடி வந்துட்டாங்க. உள்ள ஓட்ட ஓட்டயா இருக்கற ஒரு தகரப் பெட்டி, வீட்டுக் கரண்ட்ட 12 வோல்ட்டா எறக்கிக் குடுக்கற எஸ்எம்பிஎஸ், கேமராவுக்குப் போடற அதே சாமான். பக்கத்துல ஒரு 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தா கணக்குப்படி ஏழு மணி நேரம் வர்றது, கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல வருமே அந்த கருப்புக் கட்டி. பேட்டரிலேருந்து வர்ற செவப்பு கருப்பு ஒயரு ரெண்டையும் முறுக்கி, லாக்குக்குப் போற ஒயரோட சேத்து, அதே ஸ்க்ரூல இறுக்கி, மேல ஒரு சுத்து டேப்பு. தம்பி அதப் பாத்ததும் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரல.

இந்த எடம்தான் மெயின் மேட்டர், கொஞ்சம் பொறுமையா படிங்க. அந்த எஸ்எம்பிஎஸ் வெளிய தள்றது 12 வோல்ட். மீட்டர்ல 12.1 காட்டுச்சு. ஆனா 12 வோல்ட் பேட்டரிங்கிறது பேருக்குத்தான் 12, அது முழுசா சார்ஜ் ஆகி சும்மா இருந்தாலே 12.7 கிட்ட நிக்கும், அத அந்த நெலமைல வெச்சிருக்கணும்னா சார்ஜர் 13.5லேருந்து 13.8 வோல்ட் குடுத்துட்டே இருக்கணும். மோட்டார் ரெண்டாவது மாடி வரைக்கும்தான் தண்ணிய ஏத்தும், டேங்கு மொட்டமாடில இருக்கு, டேங்கு எப்பவாச்சும் ரொம்புமா? அதான் கதை. ரொம்பாதது மட்டுமில்ல, கடைலேருந்து வந்தப்ப அதுல இருந்த சார்ஜும் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சு அந்த 12 வோல்ட் மட்டத்துக்கு எறங்கிடும், அது பேட்டரி கணக்குல கால் பங்குதான். லெட் ஆசிட் பேட்டரிய அப்படி அரகொறயா மாசக்கணக்குல போட்டு வெச்சா உள்ள தகட்டுல சல்பேட்டு படிஞ்சு இறுகிடும், அப்புறம் நல்ல சார்ஜர் போட்டாலும் பழைய மாதிரி புடிக்காது.

அப்ப மொத மாசம் எப்படி வேல செஞ்சுது? இதான் என்னை ரொம்ப நாள் ஏமாத்துன விஷயம். போட்ட புதுசுல, நவம்பர் மழைல ஒரு நாள் சாயங்காலம் ஒண்ணேகால் மணி நேரம் கரண்ட் இல்ல, லாக்கு கம்முனு புடிச்சிட்டு நின்னுச்சு. நான் அவருக்கு "சூப்பர் அண்ணா"ன்னு மெசேஜ் வேற போட்டிருக்கேன், கர்மம். புது பேட்டரி, அந்த கால் பங்கு சார்ஜே அன்னைக்குப் போதுமானதா இருந்திருக்கு.

தம்பி ஆப்ப நோண்டி ஹிஸ்டரிய எடுத்தான். எங்க வீட்டு இன்வர்ட்டர்ல வைஃபை ரவுட்டர் இருக்கு, அதனால கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓடும், லாக்கோட கன்ட்ரோலர் செத்தா மட்டும்தான் ஆப்ல `Device offline`னு விழும். கரண்ட் எப்ப போச்சுங்கிறதுக்கு நம்ம அபார்ட்மென்ட் குரூப்பவிட நல்ல ரெக்கார்டு ஒலகத்துல இல்ல, போன நிமிஷமே "கரண்ட் போச்சா?"ன்னு நாலு பேரு கேப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தோம். நவம்பர்ல ஆஃப்லைனே ஆகல. பிப்ரவரி ஷட்டவுன்ல குரூப்ல 9.05க்கு மெசேஜ், லாக்கு ஆஃப்லைன் 9.47, அதாவது நாப்பத்திரெண்டு நிமிஷம். அன்னைக்கு அம்மா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு டிவி இல்லாம தூங்கிட்டு இருந்திருக்காங்க, யாருக்கும் தெரியல. மே மாசம் குரூப்ல 9.06, ஆஃப்லைன் 9.10. நாலே நிமிஷம். பேட்டரி சாகுறத மாசா மாசம் கையெழுத்துப் போட்டு எழுதி வெச்ச மாதிரி இருக்கு.

சரியா பண்ணிருந்தா எவ்ளோ நேரம் வரணும்னும் கணக்குப் போட்டோம். அந்த காந்தம் அர ஆம்பியர் இழுக்கும், கன்ட்ரோலர் ஒரு 0.1 ஆம்பியர், மொத்தம் 0.6 ஆம்பியர்னு வெச்சுக்கோங்க. 7ஐ 0.6ஆல வகுத்தா பதினோரு மணி நேரத்துக்கு மேல. கணக்குல வர்றது நடப்புல வராது, எட்டு மணி நேரம்னு கொறைச்சு வெச்சாலும் ஈபியோட அஞ்சு மணி நேர ஷட்டவுன அசால்ட்டா தாண்டிரும். பேட்டரி சைஸ்ல தப்பே இல்ல. அத ரொப்புறதுக்கு வழியே வைக்கல.

அப்புறம் ஒண்ணு டெஸ்ட் பண்ணோம், அதுக்கப்புறம் நான் ரெண்டு நாள் சரியா தூங்கல. எங்க பில்டிங்ல எல்லா மீட்டரும், ஒவ்வொரு வீட்டு மெயின் சுவிட்ச்சும், கீழ கார் பார்க்கிங் ஓரமா செவுத்துல இருக்கு, பூட்டெல்லாம் கெடையாது. தம்பி கீழ போயி எங்க வீட்டு மெயின எறக்கிட்டு போன்ல லைன்ல இருந்தான். நான் மேல கதவுக்கு முன்னாடி நிக்கிறேன். ஹால்ல ஃபேன் சுத்துது, ட்யூப்லைட் எரியுது, ரவுட்டர்ல லைட்டு மினுக்குது, இன்வர்ட்டர் எல்லாத்தையும் தாங்கிடுச்சு. மூணரை நிமிஷம் ஆச்சு. "டக்"னு ஒரு சின்ன சத்தம், எலுமிச்சம்பழம் தரைல விழுந்த மாதிரி. ஒரு விரலால தள்ளுனேன், கதவு திறந்துடுச்சு. கீழ வாட்ச்மேன் அண்ணா தம்பிகிட்ட "என்ன சார் ஃபியூஸ் போச்சா?"ன்னு கேட்டுட்டு இருக்காரு. யாரு வேணும்னாலும் கீழ ஒரு சுவிட்ச்ச எறக்கிட்டு, லிஃப்ட்ல மேல வந்து, கொஞ்ச நேரம் நின்னா, விரலும் வேணாம், பாஸ்வேர்டும் வேணாம். எங்கம்மா ஊருக்குப் போறப்ப மெயின அணைச்சிட்டுப் போற பழக்கம் உள்ளவங்க. ஒருவேள ரெண்டு பேரும் சேந்து பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தா, நாங்களே எங்க கையால கதவ தெறந்து விட்டுட்டுப் போன மாதிரி ஆயிருக்கும்.

இன்வர்ட்டர்ல எல்லாம் ஓடும்போது லாக்கு ஏன் ஓடலங்கறது இன்னொரு கூத்து. அந்தப் பெட்டிக்கு அவர் லைன் எடுத்தது காலிங் பெல் பாயின்ட்லேருந்து, ஏன்னா அது கதவுக்குப் பக்கத்துல இருக்கு. அந்த பாயின்ட் இன்வர்ட்டர் லைன்ல இல்ல. இன்வர்ட்டர்ல இருக்கற ஹால் ட்யூப்லைட் பாயின்ட் அங்கேருந்து மூணு மீட்டர் தள்ளி. மூணு மீட்டர் ஒயரு, ஒரு கேசிங் பட்டி, அர மணி நேர வேல.

இதுக்கப்புறம் எழுதுன லெட்டர்தான் கீழ இருக்கு. பேரு, அட்ரஸ் எல்லாம் எடுத்துட்டேன், அவரும் பொழப்ப பாக்குற மனுஷன். வாட்ஸப்ல அனுப்பி, அதையே பிரின்ட் போட்டு ஸ்பீட் போஸ்ட்லயும் போட்டேன், ஏன்னா வாட்ஸப்ல "பாக்கல மேடம்"னு சொல்லலாம், போஸ்ட்டுக்கு டெலிவரி ஆன தேதி இருக்கும்.

---

அண்ணா, வணக்கம்.

போன அக்டோபர் 18ஆம் தேதி எங்க வீட்டு வாசல் கதவுல காந்தப் பூட்டு, விரல் ரேகை கன்ட்ரோலர், பேட்டரி பேக்கப்போட பவர் சப்ளை போட்டுக் குடுத்தீங்க. மொத்தம் 21,500 ரூபாய் ஜிபேல அன்னைக்கே அனுப்பிட்டேன். உங்க கொட்டேஷன், பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட் ரெண்டும் இதோட வெச்சிருக்கேன்.

போன வியாழக்கிழமை காலைல 9.06க்கு எங்க ஏரியால கரண்ட் போச்சு. 9.10க்கு பூட்டு விட்டுடுச்சு. வீட்ல யாரும் இல்ல. நான் வந்து சேந்த 12.45 வரைக்கும் வீடு திறந்தே இருந்துச்சு. காந்தப் பூட்டு கரண்ட் போனா திறக்கும்னு நீங்க போன்ல சொன்னீங்க. சரிதான், அத நான் மறுக்கல. என் புகார் பூட்டு மேல இல்ல, ரெண்டு விஷயத்து மேல.

மொதல்ல, பேக்கப். இதுக்குனு தனியா 3,200 ரூபாய் வாங்கிருக்கீங்க. பெட்டிய திறந்து பாத்தோம், போட்டோ வெச்சிருக்கேன். சார்ஜ் பண்ற வசதி இல்லாத சாதா 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ல பேட்டரிய நேரா சேத்து முறுக்கிருக்கீங்க. அவுட்புட் 12.1 வோல்ட். இந்த பேட்டரி சார்ஜ்ல நிக்க 13.5லேருந்து 13.8 வேணும். பேட்டரிய கழட்டி அர மணி நேரம் சும்மா வெச்சு அளந்தா 11.4 வோல்ட்தான் இருந்துச்சு. ஆப்ல இருக்கற நேரப்படி பேக்கப் நின்னது பிப்ரவரில 42 நிமிஷம், மே மாசம் 4 நிமிஷம். 7 ஏஎச் பேட்டரிக்கு கொறஞ்சது ஏழெட்டு மணி நேரம் வந்திருக்கணும். அதனால நீங்க காசு வாங்குன பேக்கப் எங்களுக்குக் கெடைக்கவே இல்ல.

ரெண்டாவது, யாரும் இல்லாத நேரத்துல பூட்டி இருக்க வேண்டிய வீட்டு வாசல் கதவுக்கு கரண்ட் போனா திறக்குற பூட்டு பொருந்தாது. இத போடறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லல. பழைய சாவிப் பூட்டையும் பூட்ட வேணாம்னு சொன்னீங்க. கீழ பார்க்கிங்ல எங்க மெயின் சுவிட்ச்ச அணைச்சா கதவு திறக்குது, வீடியோ இருக்கு. லைனும் இன்வர்ட்டர்ல இல்லாத காலிங் பெல் பாயின்ட்லேருந்து எடுத்திருக்கீங்க, வீட்ல இன்வர்ட்டர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

நான் கேக்கறது இதான். காந்தப் பூட்டு செட்ட நீங்க திருப்பி எடுத்துக்கிட்டு, கரண்ட் இருந்தாலும் இல்லன்னாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கற, உள்பக்கம் கையால திறக்கற, சாவியும் உள்ள ஒரு பூட்ட போட்டுக் குடுங்க. வெலைல வித்தியாசம் இருந்தா நியாயமானத நான் தரேன். இல்லன்னா 21,500 ரூபாய திருப்பிக் குடுத்துட்டு சாமான எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் எங்க கதவு சாவிப் பூட்டுலதான் இருக்கும். இந்த லெட்டர் கெடைச்ச 15 நாளுக்குள்ள வந்து பாருங்க, சனி ஞாயிறு நான் வீட்ல இருப்பேன்.

வரலன்னா இது சேவைக் குறைபாடுன்னு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடுவேன். அது வேணாம்னுதான் இவ்ளோ விவரமா எழுதிருக்கேன்.

---

சண்ட போடத் தெரியாதவ எழுதுன மாதிரி இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. இருக்கட்டும். மொத லெட்டர்ல அவர் பதில் சொல்ல வேண்டிய எடமே இல்ல, எல்லாம் என் கோவம். இதுல அவர் மறுக்கணும்னா 12.1ஐ மறுக்கணும், 9.10ஐ மறுக்கணும், அவரே அனுப்புன கொட்டேஷன மறுக்கணும். "அது ஃபீச்சர்"ங்கிறத நான் மொதல்லயே ஒத்துக்கிட்டதால அதையும் திரும்ப சொல்ல முடியாது.

கடைசி பாரா சும்மா மெரட்டலுக்கு இல்ல. 2019ல வந்த நுகர்வோர் சட்டத்துல நம்ம குடியிருக்கற மாவட்ட ஆணையத்துலயே மனு போடலாம், சாமானுக்கு நம்ம குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா மனுவுக்கு ஃபீஸ் கெடையாது, பிரச்சன நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம், அவங்க எதிர்த்தரப்புகிட்ட பேசிப் பாப்பாங்க. வக்கீல் நோட்டீஸ் கட்டாயம்னு நெறய பேரு நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல. ஆனா நம்ம எழுத்துல கேட்டோம், நாள் குடுத்தோம், அவர் செய்யலங்கிறதுக்கு ஒரு காகிதம் இருந்தா நல்லது.

ஒம்போதாவது நாள் அவரே போன் பண்ணாரு. இந்தத் தடவ மேடம் இல்ல, சிஸ்டர். "சிஸ்டர், எல்லா எடத்துலயும் இப்டித்தான் போடறோம், யாரும் கேட்டதில்ல"ன்னாரு. அது உண்மையாத்தான் இருக்கும், அதான் பயமா இருக்கு. அப்புறம், "அந்த எஸ்எம்பிஎஸ்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு சிஸ்டர், அத திருப்பி 13.8க்கு ஏத்தி விட்டுடறேன், பேட்டரி புதுசு மாத்திடறேன், முடிஞ்சுது"ன்னாரு.

இது முழுப் பொய் இல்ல. டெர்மினல் பக்கத்துல `V ADJ`னு போட்டு ஒரு குட்டி ஸ்க்ரூ நெஜமாவே இருக்கு, கொஞ்சம் ஏத்தலாம். அப்பவே சரின்னு சொல்லிருப்பேன், நல்லவேள தம்பி பக்கத்துல இருந்தான். அவன் போன வாங்கி, ஏத்துனா அதே 13.8 வோல்ட்டுதானே காந்தத்துக்கும் கன்ட்ரோலருக்கும் இருபத்திநாலு மணி நேரமும் போகும், கன்ட்ரோலர் அத தாங்கும்னு அதோட லேபிள்ல இருக்கா, பேட்டரி ஒருநாள் முழுசா எறங்கிட்டா திரும்ப கரண்ட் வந்ததும் அது ஒரேயடியா இழுக்குமே, அத கட்டுப்படுத்த இதுல என்ன இருக்கு, ரொம்ப எறங்கறதுக்கு முன்னாடி பேட்டரிய துண்டிக்க என்ன இருக்குன்னு கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. பேட்டரிக்குன்னு தனி டெர்மினல் வெச்ச பவர் சப்ளை அதுக்குத்தான் வருது, அவர் வாங்கற அதே கடைலயே இருக்கும், கொஞ்சம் காசு கூட, அவ்ளோதான். அதப் போட்டாலுமே கீழ மெயின எறக்குனா எட்டு மணி நேரம் கழிச்சாவது கதவு திறக்கும்ல, நாங்க ஊருக்குப் போறது எட்டு மணி நேரத்துக்கா? அதனால பூட்டையே மாத்தணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.

ஞாயித்துக்கெழம காலைல வந்தாரு, கூட ஒரு பையன். நேர்ல பாத்தா பாவமாத்தான் இருந்துச்சு. அம்மா காப்பி குடுத்தாங்க, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்பு. அவர் முன்னாடியே தம்பி மெயின எறக்கிக் காமிச்சான், அன்னைக்கு மூணு நிமிஷம் கூட தாங்கல. அவர் அந்த பிளேட்ட தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. கடைசில காந்தப் பூட்டையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டு, கதவுக்குள்ளயே மாட்டுற பூட்டு ஒண்ணு போட்டுக் குடுத்தாரு, நான் மேல 4,500 குடுத்தேன். நாலு சின்ன பென்சில் பேட்டரில ஓடுது, ஈபி லைனே அதுக்குத் தெரியாது. மோட்டாரு நாக்கத்தான் தள்ளுது, நாக்கு வெளிய வந்துட்டா அப்புறம் கரண்ட்டே இல்லன்னாலும் அது இரும்பு நாக்கு, அப்படியே நிக்கும். உள்பக்கம் கைப்பிடிய அமுக்குனா திறக்கும்.

இதுலயும் ஒண்ணு இருக்கு, மறைக்கல. அந்த நாலு பேட்டரி தீந்துட்டா வெளில நிக்கறவங்க மாட்டிப்பாங்க. தீர்றதுக்கு முன்னாடி அது கீச்கீச்சுனு கத்தும், ஆப்புலயும் சொல்லும், வெளிப்பக்கம் அடில ஒரு சார்ஜர் ஓட்ட இருக்கு, பவர் பேங்க் சொருகி திறக்கலாம், அதுவும் இல்லன்னா சாவி. ரீசார்ஜ் பண்ற பேட்டரிய போட்றாதீங்கன்னு அந்தப் பையன் சொல்லிட்டுப் போனான், அதோட வோல்ட்டேஜே கம்மி, ஒவ்வொண்ணும் 1.2 தான், ஆல்கலைன் மாதிரி 1.5 இல்ல, அதனால மீதி எவ்ளோ இருக்குன்னு பூட்டு தப்பா காட்டும், திடீர்னு நின்னுடும்னான். தம்பி அவன் தோள்ல தட்டிக் குடுத்தான்.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாவி வேணும்னா எதுக்குடி இதெல்லாம்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. வேல செய்யுற அக்காவுக்கு பாஸ்வேர்டுனு பழைய பல்லவிய பாடுனேன். இப்ப அவங்க ஊர்லேருந்து கொண்டு வந்த ஒரு திண்டுக்கல் பூட்டு வெளி கிரில் கேட்டுல தொங்குது, வெளிய போறப்ப ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் போறாங்க. அத நான் எதுத்துப் பேசல.

ஜூன் ஷட்டவுனுக்கு லீவு போட்டுட்டு வீட்லயே இருந்தேன். வெளிய போய் கதவ சாத்தி, காலைல 9லேருந்து 2 வரைக்கும் எதிர்வீட்டு அக்கா வீட்ல உக்காந்து மணிக்கு ஒரு தடவ வந்து தள்ளிப் பாத்தேன். அசையல. பூனை வந்து கொஞ்ச நேரம் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடுச்சு.

ஒரே ஒரு பாக்கி. அந்த காந்தத்தையும் பிராக்கெட்டையும் கழட்டுன எடத்துல தேக்கு நெலைல ஆறு ஓட்ட அப்படியே இருக்கு, பட்டி வச்சு பாலிஷ் அடிச்சுத் தரேன்னு சொன்னாரு. நேத்து ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இன்னும் வரல.